இரண்டு முழ வயர்

விரல் நகத்தளவு வெள்ளை பிளாஸ்டிக் கூடு. அதில் வரிசையாக நாலு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தகர முனை போய் உட்கார வேண்டும். அந்த முனை தன் வாலில் வயரின் நரம்பைக் கடித்துப் பிடித்திருக்க வேண்டும். கடி குறைந்தால் இழுத்ததும் வந்துவிடும். கூடினால் நரம்பு உள்ளே அறுந்து, வெளியே பார்க்க ஒன்றும் ஆகாதது போல இருக்கும். எழில் இடுக்கியை அழுத்தும்போது கைக்கு வரும் அழுத்தத்திலேயே எது சரி, எது கெட்டது என்று தெரிந்துகொள்வாள்.

விருதுநகர் பஜாருக்குப் பின்னால், எண்ணெய்ச் செக்குச் சந்தில், வெள்ளைத்துரையின் பட்டறை. சிவகாசி அச்சகங்களுக்குத் தாள் எண்ணும் மீட்டர், அறுப்பு மெஷினுக்கு போர்டு என்று செய்து கொடுக்கிறவர். பாலிடெக்னிக் முடித்துவிட்டு எழில் அங்கே சேர்ந்து மூன்றாம் வருடம். அவள் அம்மா குருவம்மாள் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மணி மருந்துப் பிரிவில் வேலை. அம்மாவின் அம்மாவும் அப்பாவும் மானாவாரிக் காட்டு வேலைக்குப் போனவர்கள். மழை நின்று காடு கைவிட்டதும் குடும்பம் மொத்தமும் கம்பெனி வேனில் ஏறிவிட்டது. எழில் மட்டும் ஏறவில்லை. அதில் குருவம்மாளுக்குப் பெருமை, வெளியே காட்டமாட்டாள்.

அந்தக் கம்பெனிக்குப் பெட்டி செய்து கொடுக்கும் ஆர்டர் வந்ததே அம்மா வழியாகத்தான்.

மணி மருந்து என்பது மிளகு பருமனில் உருட்டிய கலவை. மேலே போய் கலர் கலராகச் சிதறுவது அதுதான். ஈரமாக உருட்டி, தட்டில் பரப்பி, வெயிலில் காய வைப்பார்கள். வெயில் இல்லாத நாளில் காயவைக்கும் ஷெட்டுக்குள் அடுக்குவார்கள். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் நின்றால் அது தானாகவே சூடேறும். சூடு ஏற ஏற இன்னும் வேகமாக ஏறும். முன்னாலெல்லாம் பெண்கள் தட்டின் அடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள். புறங்கை பார்த்துச் சொல்வதற்குள் காலம் தாழ்ந்துபோன கதைகள் அந்தப் பக்கம் ஊருக்கு ஒன்று உண்டு.

"ஆள் உள்ள போகாம சூட்டப் பாக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணு தொர," என்று போர்மேன் முத்துப்பாண்டி பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார். திரி உருட்டும் வேலையில் சிறு வயதில் சேர்ந்து போர்மேன் ஆனவர். பேசும்போதும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையாவது முறுக்கிக்கொண்டிருக்கும்.

எழில்தான் செய்தாள். தட்டுகளுக்கு நடுவே தொங்க ஒரு சின்ன சென்சார் போர்டு. தபால்தலை அகலம்தான் இருக்கும். அதிலிருந்து நாலு வயர் சுவரைத் துளைத்து வெளியே வரும். சுவரின் வெளிப்பக்கம் பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி. பெட்டியின் முகத்தில் சூட்டின் அளவு எண்ணாகத் தெரியும். வயரின் இரண்டு முனையிலும் அந்த நாலு பின் கனெக்டர். ஒரு பக்கம் சின்ன உதடு இருப்பதால் திருப்பிச் சொருக முடியாது. யார் வேண்டுமானாலும் மாட்டலாம், கழற்றலாம்.

நாலில் சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. பேச்சு நடப்பது மற்ற இரண்டில். மஞ்சள் வயரில் பெட்டி துடிப்பு அனுப்பும். ஒவ்வொரு துடிப்புக்கும் வெள்ளை வயரில் சேதி ஒரு துளி நகரும். சும்மா இருக்கும்போது இரண்டு வயரிலும் மின்னழுத்தம் மேலே நிற்கும். பேசுகிற ஆள் கீழே இழுத்துவிட்டு விடுவான். திரும்ப மேலே தூக்குவதற்கு ஒரு சின்ன ரெசிஸ்டர்தான் இருக்கிறது, அதற்குப் பலம் கொஞ்சம். வயர் குட்டையாக இருந்தால் சட்டென்று தூக்கிவிடும். வயர் ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி; நீள நீள, தொட்டி பெரிதாகிக்கொண்டே போகும், ஊற்றும் குழாய் மட்டும் அதேதான். தொட்டி நிரம்புவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். அப்புறம் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது.

எழில் இதைப் பட்டறையிலேயே செய்து பார்த்தாள். இரண்டு முழத்தில் ஒரு பிசகும் இல்லை. மேசையிலிருந்து வாசல் வரை இழுத்தபோது எண் வருவதும் போவதுமாக இருந்தது. சந்து முனை வரை இழுத்தாள். ஒன்றுமே வரவில்லை. எண் இருந்த இடத்தில் வெறும் கோடு.

"ரெண்டு முழம்தான் அண்ணாச்சி. கூடக் கூடாது," என்று பெட்டியைக் கொடுக்கும்போது சொன்னாள்.

முத்துப்பாண்டி வயரைக் கையில் எடுத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார். "ஏம்ப்பா தொர, வயருல கூடவா சிக்கனம் புடிப்பீக? நாய்ச் சங்கிலி இதவிட நீளம்."

"அது அப்படித்தான் அண்ணாச்சி. வயரு நீண்டா பேசாது."

"டெலிபோன் மதுரைல இருந்து பேசுது. ஒம் பெட்டி பக்கத்து ரூம்புல இருந்து பேசாதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். எழிலும் சிரித்தாள். டெலிபோன் பேசுவது வேறு மாதிரி, அதன் கதை வேறு என்று விளக்க ஆரம்பித்து, அவர் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

பெட்டி மாட்டிய முதல் வாரம் ஒரு புகார் வந்தது. அவ்வப்போது எண் மறைந்து கோடு விழுகிறது, கோடு விழுந்ததும் பொம்பளைகள் வெளியே போய் நின்றுகொள்கிறார்கள், கோடு போன பிறகும் உள்ளே வர யோசிக்கிறார்கள், லோடு நிற்கிறது. எழில் போய்ப் பார்த்தாள். ஒரு கனெக்டரில் கடி சரியில்லை. வேன் போகிற அதிர்வுக்கே ஆடுகிறது. அறுத்துப் புதிதாகப் போட்டாள். முத்துப்பாண்டிக்குத் திருப்தி இல்லை.

"நாளைக்கு மறுபடி ஆடும். ஒரு நொடி நம்பர் கெடைக்கலன்னா கோடு எதுக்கு? பழைய நம்பரவே வச்சிட்டு இருக்கச் சொல்லு. ஒரு நொடில என்ன கொதிச்சிரப் போகுது?"

நியாயமாகத்தான் இருந்தது. வெள்ளைத்துரையும் சொன்னார், "அவுக கேக்குறதச் செஞ்சு குடு. பத்து தடவ தொடர்ந்து கெடைக்கலன்னா மட்டும் கோடு போடுற மாதிரி வை."

முதல் பாதியை எழில் அன்றைக்கே எழுதி ஏற்றிவிட்டாள். படிக்க முடியாவிட்டால் கடைசியாகப் படித்த எண்ணையே காட்டு. பத்துத் தடவை எண்ணுகிற பாதியை அடுத்த முறை போகும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று வைத்தாள். அப்போது அச்சகங்களுக்கு காலண்டர் சீசன். அடுத்த முறை வரவில்லை.

அது இரண்டாயிரத்து ஏழு புரட்டாசி. தீபாவளிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக வெயில் இல்லை, ஓயாத சாரல்.

மதியம் பட்டறை போன் அடித்தது. வெள்ளைத்துரை எடுத்து, "ஒங்கம்மா," என்று நீட்டினார்.

"எழிலு, நாந்தான். இன்னிக்கு வேன் இருட்டித்தான் வரும். லோடு கேக்காக. சோத்த வடிச்சு வச்சிரு, கொளம்பு நான் வந்து வச்சிக்கிடுதேன்."

"எங்கன இருந்து பேசுத?"

"போர்மேன் ரூம்புலதான். அண்ணாச்சி பேசிக்கன்னாக, பேசுதேன். ஒம் பெட்டி எனக்கு எதுக்கதான் இருக்கு."

எழில் இடுக்கியைக் கீழே வைத்தாள். "பெட்டி ஷெட்டுச் செவுத்துலல்ல இருக்கும்?"

"சாரல் அடிக்குல்ல, நனைஞ்சிரும்னு காலைல கழத்திக் கொண்டாந்து இங்கன மாட்டிட்டாக. நல்லதாப் போச்சு. உக்காந்த எடத்துல பாத்துக்கிடுதாக." குருவம்மாளின் குரல் தாழ்ந்தது, பக்கத்தில் ஆள் இருப்பதால். "ஒரு சொட்டு அசையலத்தா. காலைல முப்பத்திநாலு புள்ளி ரெண்டு. இப்பமும் முப்பத்திநாலு புள்ளி ரெண்டு. கல்லு கணக்கா நிக்குது. பெத்தணன்ட்ட சொன்னேன், பாத்தியாலே எம்மக செஞ்சதன்னு." பெத்தணன் அம்மாவோடு அதே ஷெட்டில் தட்டு அடுக்குகிற ஆள்.

எழில் அந்த சென்சாரை வாரக்கணக்கில் மேசை மேல் வைத்துப் பார்த்தவள். மூடிய அறையில், யாரும் மூச்சு விடாமல் இருந்தால்கூட, புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் ஆடும். இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. உயிரோடு இருப்பதற்கு அதுதான் அடையாளம்.

"அம்மா, உள்ள எப்பிடி இருக்கு? ஷெட்டுக்குள்ள?"

"உள்ள என்ன, மாட்டுத்தொழு நாத்தம். மூக்குல ஏறுது. பெத்தணன்கூட, 'என்னக்கா, மருந்து சூடேறுன வாட மாதிரில்ல இருக்கு'ன்னு நின்னுட்டான். நாந்தான் ஏசுனேன். பெட்டி முப்பத்திநாலு காட்டுதுலே, மூக்க நம்புதயா பெட்டிய நம்புதயான்னேன். அந்தா பெல்லு அடிச்சிட்டாக. தட்டத் திருப்பிப் போடணும். வையி."

"அம்மா, உள்ள போகாத. அம்மா."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

எழில் போர்மேன் ரூம் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளைத்துரை சாலிடர் இரும்பைத் தாங்கியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். "என்னத்தா?"

"வயர நீட்டிட்டாக," என்றாள். அவருக்கு அது போதும். முகம் மாறிவிட்டது.

முத்துப்பாண்டி எடுத்தார். "ஒங்கம்மா இப்பத்தான போகுது. இன்னும் என்ன?"

"அண்ணாச்சி, எங்கம்மாவையும் பெத்தணன் அண்ணனையும் வெளிய கூப்புடுங்க. மொதல்ல கூப்புடுங்க."

"எதுக்கு?"

"பெட்டி வேல செய்யல."

"ஏத்தா, பெட்டி என் மூஞ்சிக்கு முன்னால இருக்கு. முப்பத்திநாலு புள்ளி ரெண்டு. நாப்பதத் தாண்டுனாத்தான் வெளிய வரணும்னு நீதான சொன்ன?"

"வயரு எம்புட்டு நீளம் போட்டீக?"

"நூறடி இருக்கும். வெடி தடுக்கப் போட்ட மண்மேட்டச் சுத்திக் கொண்டாரணும்ல. பழைய டெலிபோன் வயரு கெடந்துச்சு. ஒங்க வயர நடுவுல அறுத்து, ரெண்டு முனையும் சேத்து ஒட்டிட்டேன், கலர் மாறாம. சிக்கக் கூடாதுன்னு மஞ்சளையும் வெள்ளையையும் நானே உக்காந்து முறுக்குனேன். திரி மாதிரி ஒரே சீரா இருக்கும், நீ வந்து பாரு."

எழில் கண்ணை மூடிக்கொண்டாள். நூறடியே போதும் கெடுக்க. அதற்கு மேல், பேசுகிற இரண்டு வயரையும் ஒன்றோடொன்று இறுக்கி முறுக்கியிருக்கிறார். முறுக்குவதாக இருந்தால் மஞ்சளைக் கறுப்போடும் வெள்ளையைச் சிவப்போடும் முறுக்கலாம். இது, சண்டைக்காரர் இருவரை ஒரே கயிற்றில் கட்டின மாதிரி. ஒன்றில் துடிப்பது மற்றதில் தாவும். தொட்டி இன்னும் பெருக்கும். அந்தப் பெட்டி காலையிலிருந்து ஒரு வார்த்தை கேட்டிருக்காது. கழற்றும்போது பேட்டரி உள்ளேதான் இருந்திருக்கும். சுவரிலிருந்து எடுத்த நேரத்தில் கடைசியாகப் படித்ததை வைத்துக்கொண்டு நிற்கிறது. அப்படி நிற்கச் சொன்னது அவள்.

விளக்கிக்கொண்டிருக்க நேரம் இல்லை. விளக்கினாலும் டெலிபோன் மதுரையிலிருந்து பேசுகிறதே என்பார்.

"அண்ணாச்சி, பெட்டில சொருகியிருக்குற வெள்ளக் கனெக்டரப் புடிச்சு இழுங்க."

"கழத்துனா நின்னு போகுமே."

"நிக்காது. கழத்திப் பாருங்க."

மேசை மேல் ஏதோ நகரும் சத்தம். சின்னதாக ஒரு கிளிக்.

"கழத்திட்டேன்."

"நம்பர் என்ன காட்டுது?"

சாரல் தகரத்தில் விழுவது போனில் கேட்டது.

"அண்ணாச்சி, நம்பர் என்ன?"

"முப்பத்திநாலு புள்ளி ரெண்டு," என்றார் முத்துப்பாண்டி. அந்தக் குரல் அதுவரை பேசிய குரல் இல்லை.

ரிசீவரை அவர் வைக்கவில்லை. மேசையில் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். ஜன்னல் பலகை சுவரில் மோதுவது கேட்டது. அப்புறம் அவர் கத்துவது. தூரத்தில் இருந்தும் ஒவ்வொரு சொல்லும் எழிலுக்குக் கேட்டது.

"ஏ குருவம்மா, வெளிய வா. வெளிய வா. பெத்தணா, போட்டுட்டு வாலே. அப்பிடியே போட்டுட்டு வாலே."

பட்டறையில் எழில் போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி நின்றாள். வெள்ளைத்துரை வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். ஏதோ அம்மா திரும்பிக் கேட்கிற மாதிரி இருந்தது, "என்ன அண்ணாச்சி?" என்று. அது அம்மாவா, அவள் நினைப்பா என்று தெரியவில்லை.

ரிசீவரில் வந்தது பெரிய சத்தமாக இல்லை. ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி அறைந்த மாதிரி ஒன்று. அதன் பிறகு எதுவும் இல்லை, கரகரப்புகூட இல்லை.

வெள்ளைத்துரையின் வண்டியில் போகும்போது சாத்தூர் ரோட்டில் மழை நின்றிருந்தது. புகை தெரிந்தது. எழில் வழி முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். போர்மேன் ரூம்பிலிருந்து ஷெட்டுக்கு நடந்தால் அம்மாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும். மருந்துக் கட்டிடங்களுக்குப் பக்கத்தில் யாரும் ஓடக் கூடாது, அது அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற சட்டம். அம்மா மெதுவாகத்தான் நடந்திருப்பாள். மெதுவாக நடந்திருந்தால் நல்லது. ஷெட்டுக்குள் போவதற்கு முன்னால் தண்ணீர் குடித்திருந்தால் இன்னும் நல்லது. அம்மா சாப்பிட்டதும் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

கேட்டில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். யாரும் அழவில்லை. எல்லாரும் உள்ளே பார்த்து ஆள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எழிலைப் பார்த்ததும் ஒருத்தி, "குருவம்மா மகடி," என்றாள். கூட்டம் வழி விட்டது.

"உசுரு இருக்குத்தா," என்றாள் இன்னொருத்தி. "வேன்ல ஏத்திட்டுப் போய்ட்டாக. கைதான். கையும் முதுகும். பேசுனா, நான் கேட்டேன்."

"பெத்தணன் அண்ணன்?"

அவள் திரும்பிக்கொண்டாள்.

அன்றிரவு ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்க்க விடவில்லை. மறுநாள் காலையில் பெட்டி செய்தவர்களை வரச் சொல்லி ஆள் வந்தது. சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். கூட இரண்டு பேர். ஷெட் இருந்த இடத்தில் கறுத்த தரை, மண்மேட்டின் உள்பக்கம் வெந்திருந்தது. போர்மேன் ரூம் அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் ஜன்னல் பலகை மட்டும் பிய்ந்திருந்தது. முத்துப்பாண்டி நெற்றியில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலாளியின் ஆள் ஒருவர் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டு பேசினார்.

"சார், எங்க பக்கம் கவனக்குறைவு ஒண்ணுமில்ல. சூடு பாக்க மெஷினே வச்சிருக்கோம். வேற எந்தக் கம்பெனில இருக்கு? நீங்களே பாருங்க, இப்பமும் காட்டுது."

பெட்டி சுவரில் இருந்தது. முப்பத்திநாலு புள்ளி இரண்டு.

"அப்ப சூடு இல்ல. சூடு இல்லன்னா தட்டு கை தவறி விழுந்திருக்கணும். செத்துப்போன ஆளு கொஞ்சம் தண்ணி போடுறவன்னும் சொல்லுதாக."

வாசலுக்கு வெளியே பெத்தணனின் பெண்சாதி சின்னத்தாய் நின்றிருந்தாள். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அவள் காதில் அது விழுந்தது.

அதிகாரி எழிலிடம் திரும்பினார். "நீதானே செஞ்சது? இந்த ரீடிங் சரிதானா?"

முத்துப்பாண்டி தலையைத் தூக்கினார். நேற்று போனில் நடந்தது அந்த அறையில் அவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். வெள்ளைத்துரைக்கும் தெரியும், ஆனால் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "தாயி," என்றார் முத்துப்பாண்டி மெல்ல. "யோசிச்சுச் சொல்லு. நான் மட்டும் மாட்ட மாட்டேன். நீயும்தான்."

எழில் பெட்டிக்கு அருகே போனாள். கீழே, மேசையின் ஓரத்தில், நாலு பின் கனெக்டர் வயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று முத்துப்பாண்டி இழுத்துப் போட்ட இடத்தில் அப்படியே. அதற்குப் பின்னால் முறுக்கு அழகாக ஓடியது. மஞ்சளும் வெள்ளையும், ஒரே சீராக.

அதை எடுத்து அதிகாரியிடம் காட்டினாள். "இதுதான் சார் சென்சார்லருந்து வர்ற வயர். பெட்டில மாட்டல. அந்தப் பக்கம் சென்சாரும் இல்ல, எரிஞ்சு போச்சு. பெட்டி இப்பமும் முப்பத்திநாலு புள்ளி ரெண்டுன்னுதான் சொல்லுது."

அதிகாரி கனெக்டரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "அப்ப பெட்டி பொய் சொல்லிச்சா?"

"பெட்டிக்குத் தெரியல சார். இம்புட்டு நீள வயருல அதால கேக்க முடியாது. முறுக்குனதுல கொஞ்ச நஞ்சம் கேக்குறதும் போச்சு. தெரியலன்னா கோடு போடணும். கோடு போட நான் விடல. பழைய நம்பரையே காட்டுற மாதிரி எழுதினது நான்."

"யார் எழுதச் சொன்னா?"

எழில் முத்துப்பாண்டியைப் பார்த்தாள். அவருடைய இரண்டு விரலும் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

"அவுக கேட்டாக. நான் எழுதினேன்."

முதலாளியின் ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கை காட்டி நிறுத்தினார். கூட வந்தவர்களில் ஒருவர் பெட்டியைக் கழற்றித் துணிப்பையில் போட்டார். பையின் துணி வழியாக எண் தெரிந்தது. எழில், "பேட்டரியக் கழத்துனாத்தான் சார் போகும்," என்றாள். அவர் கழற்றவில்லை. சாட்சிக்கு வேண்டுமாம்.

வெளியே வந்தபோது சின்னத்தாய் அவளைத் தடுத்து நிறுத்தினாள். அடிப்பாள் என்றுதான் எழில் நினைத்தாள்.

"அவுக தட்டப் போடலேல்ல?" என்றாள் சின்னத்தாய்.

"போடல."

"குடிக்கவும் இல்ல. ஒரு வருசமாச்சு, இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு மால போட்டதுலருந்து." அதைச் சொல்லிவிட்டு அவள் தன் வழியில் நடந்துபோனாள். ஏசியிருந்தால் எழில் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் குருவம்மாள் குப்புறப் படுத்திருந்தாள். முதுகு முழுக்க மருந்துத் துணி. வலது கை தலையணை மேல், விரல் தனித்தனியாகத் தெரியாத கட்டு. காது இரண்டும் கேட்கவில்லை. திரும்பி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். தனக்குக் கேட்காததால் குருவம்மாள் உரக்கப் பேசினாள், வார்டு முழுக்கக் கேட்டது.

"நான் வாசல்ல நின்னேன்டி. அண்ணாச்சி கத்துனது கேட்டுத் திரும்புனேன். பெத்தணன் கையில தட்டு. போட்டுட்டு வாலேன்னு கத்துதாக. இத்தன வருசமா தட்டப் போடாத, தட்டப் போடாதன்னு அவுகதான சொன்னாக? அவன் எப்பிடிப் போடுவான்? குனிஞ்சு மெதுவா வச்சான். பிள்ளையத் தொட்டில்ல போடுற மாதிரி வச்சான். வச்சிட்டு நிமுந்தான்."

பக்கத்துக் கட்டில்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழில் கட்டிலின் தலைமாட்டில், அம்மாவின் முகம் தெரியும்படி தரையில் உட்கார்ந்தாள். குருவம்மாள் அவளை ஒரு கண்ணால் பார்த்தாள். மற்றக் கண் தலையணைக்குள் இருந்தது.

"அவனுக்கு வாட அடிச்சிச்சு. வெளிய போவமான்னுதான் நின்னான். நாந்தான் பெட்டியச் சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஏத்தா, பெட்டி சரியாத்தான காட்டுச்சு? எதுவும் திடீருன்னுதான வந்திருக்கும்?"

வாயால் சொன்னால் கேட்காது. தலையை ஆட்டினால் போதும். மேலும் கீழும் ஆட்டினால், அம்மா தூங்கிவிடுவாள்.

எழில் இடமும் வலமும் ஆட்டினாள்.

குருவம்மாள் கொஞ்ச நேரம் அந்த ஒரு கண்ணால் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புரியவில்லையோ என்று எழில் மறுபடி ஆட்டப் போனாள். அதற்குள் அம்மா, முதுகு வலிக்க வலிக்க, முகத்தை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.